தொங்கும் சங்கிலியின் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

ஒரே உயரமுள்ள இரண்டு தூண்கள், நடுவே 40 மீட்டர் இடைவெளி. அவற்றின் உச்சிகளில் 50 மீட்டர் நீளச் சங்கிலி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுகிறோம். மீட்டருக்கு 20 நியூட்டன் எடை. நடுவில் அது எவ்வளவு தொய்யும்? தூண் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும்? இந்தக் கணக்கில் விடை தவறினால், பெரும்பாலும் முதல் இரண்டு வரிகளிலேயே தவறு நடந்திருக்கும்.

சங்கிலியின் தாழ்ந்த புள்ளியிலிருந்து வலப்பக்கம் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் மேல் மூன்று விசைகள் உண்டு. தாழ்ந்த புள்ளியில் கிடையாக இழுக்கும் H, மேல் முனையில் சாய்வாக இழுக்கும் T, கீழ்நோக்கிய எடை. சங்கிலி அசையாமல் நிற்பதால் T-யின் கிடைக்கூறு H-க்குச் சமம், செங்குத்துக்கூறு எடைக்குச் சமம். இரண்டையும் வகுத்தால் அந்த இடத்தின் சாய்வு கிடைக்கும்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. மீட்டருக்கான எடையை w என்றும், தாழ்ந்த புள்ளியிலிருந்து கிடைத்தூரத்தை x என்றும் வைத்து, துண்டின் எடையை `w·x` என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதினால் எடை கிடைத்தூரத்தைப் பொறுத்தது என்றாகிவிடும். சாய்வு x-க்கு நேர்விகிதமாகி, தொகையிட்டால் பரவளையம் வந்து நிற்கும். உண்மையில் எடை சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது. தூணருகே சங்கிலி அதிகச் சாய்வோடு ஏறுவதால், அங்கே ஒரு மீட்டர் கிடைத்தூரத்துக்குள் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட சங்கிலி அடங்கியிருக்கிறது. நம் கணக்கில் `w·x` போட்டால் மொத்த எடை 20 × 40 = 800 நியூட்டன். சங்கிலியைத் தராசில் வைத்தால் 1000 காட்டும். காணாமல் போன 200 நியூட்டனே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே எடையை `w·s` என்று வில்நீளத்தில்தான் எழுத வேண்டும்.

```
y' = w·s/H
y'' = (1/a)·√(1 + y'²),   a = H/w
```

இரண்டாம் வரி முதல் வரியை வகையிட்டதில் வந்தது. வில்நீளத்தின் வகைக்கெழு √(1 + y'²) என்பதைத் தவிர அதில் புதிதாக எதுவும் இல்லை.

சங்கிலியின் வளைவைத் தரும் cosh சார்பு எங்கிருந்து முளைக்கிறது என்பதையும் இந்த வரியிலேயே பார்த்துவிடலாம். சாய்வை p என்போம். `p' = √(1 + p²)/a` என்பதை வர்க்கப்படுத்தி மறுபடி வகையிட்டால் `p'' = p/a²` மிஞ்சும். தன் இரண்டாம் வகைக்கெழு தன்னைப் போலவே இருக்கும் சார்பு அடுக்குக்குறிச் சார்புதான். சங்கிலியின் மொழியில் சொன்னால், சாய்வு கூடினால் மீட்டருக்கு அடங்கும் சங்கிலி கூடுகிறது, அதனால் எடை கூடுகிறது, அதனால் சாய்வு மேலும் கூடுகிறது. வட்டிக்கு வட்டி போல வளர்கிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி என்பதால் p-இல் `e^(x/a)`, `e^(−x/a)` இரண்டும் சம அளவில், எதிரெதிர்க் குறிகளோடு வர வேண்டும். தாழ்ந்த புள்ளியில் சாய்வு பூச்சியம் என்ற நிபந்தனையைப் போட்டால் `p = sinh(x/a)`. அதைத் தொகையிட்டால் `y = a·cosh(x/a) + C`. மூலத்துக்குள் கூட்டல் குறி இருப்பதால்தான் sin, cos வராமல் sinh, cosh வருகின்றன. அந்தக் கூட்டல் பிதாகரஸ் தேற்றத்திலிருந்து வந்தது.

இரண்டாவது தவறு, இழுவிசை T சங்கிலி முழுவதும் ஒன்றே என்று கொள்வது. எடையற்ற கயிறும் கப்பியும் வைத்த கணக்குகளைப் போட்டுப் பழகிய கை அப்படித்தான் எழுதும். T மாறாது என்று வைத்தால் `dy/ds = w·s/T` என்றாகும். அதைத் தீர்த்தால் கிடைப்பது சைக்ளாய்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே T-யின் கிடைக்கூறு புள்ளிக்குப் புள்ளி மாறும். கிடையாக வேறு எந்த விசையும் இல்லாதபோது அது மாற வழியே இல்லை. மாறாதது H மட்டும்தான். T தாழ்ந்த புள்ளியில் H-க்குச் சமமாகத் தொடங்கி, மேலே ஏற ஏறக் கூடும்.

அடுத்த குழப்பம் a பற்றியது. அதைத் தொய்வு என்றோ, தரையிலிருந்து உள்ள உயரம் என்றோ எண்ணிவிடுகிறோம். a என்பது ஒரு நீளம். எத்தனை மீட்டர் சங்கிலியின் எடை H-க்குச் சமமாகுமோ அத்தனை மீட்டர். x = 0-இல் `a·cosh(0)` பூச்சியம் அல்ல, a. ஆகவே தாழ்ந்த புள்ளியில் y = 0 என்று வேண்டுமானால் C = −a என்று போட வேண்டும். தொய்வு `a·(cosh u − 1)`. இங்கே u என்பது பாதி இடைவெளியை a-ஆல் வகுத்தது, அதாவது 20/a.

a-வை நேரடிச் சூத்திரத்தால் பிரித்தெடுக்க முடியாது. மொத்த நீளம் `2a·sinh(u)`. நம் எண்களைப் போட்டால் `sinh u = 1.25u`. இதை நியூட்டன் முறையில் படிப்படியாகத் தீர்க்கலாம். இதற்கு u = 0 என்ற பயனற்ற தீர்வும் உண்டு. 0.5-இலிருந்து தொடங்கினால் அடுத்த மதிப்பு −0.35 ஆகி, பிறகு பூச்சியத்தில் போய் விழும். sinh தொடரின் முதல் இரு உறுப்புகளைக் கொண்டு `u = √(6 × 0.25)`, அதாவது 1.2247-இல் தொடங்குங்கள். முதல் சுற்றில் 1.1850, இரண்டாம் சுற்றில் 1.1827. போதும்.

இந்த 1.1827 கோணம் அல்ல, வெறும் எண். கணிப்பானில் `sin` அழுத்திவிட்டு விடை பொருந்தவில்லையே என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. தூணருகே உண்மையான கோணம் வேண்டுமானால் `tan θ = sinh u = 1.478`, ஆக சுமார் 56 டிகிரி.

இனி எண்கள். a = 16.91 மீட்டர், தொய்வு 13.27 மீட்டர். H = 20 × 16.91, அதாவது 338 நியூட்டன். தூண் முனையில் T = 604 நியூட்டன். சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒரு முனை தாங்கும் எடை 500 நியூட்டன். 338-ஐயும் 500-ஐயும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்தால் கர்ணம் 604 வர வேண்டும், வருகிறது. மேலும், சங்கிலியில் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே இழுவிசை வேறுபாடு, உயர வேறுபாட்டை w-ஆல் பெருக்கியதற்குச் சமம். 20 × 13.27 = 265, இதுவும் 604-க்கும் 338-க்கும் உள்ள வேறுபாட்டோடு ஒத்துப்போகிறது.

இடைவெளியை d, சங்கிலி நீளத்தை S, தொய்வை f என்போம். பரவளையத்தின் வழக்கமான சூத்திரம், `f = √(3d(S − d)/8)`, இதே சங்கிலிக்கு 12.25 மீட்டர் தருகிறது. ஒரு மீட்டருக்கு மேல் பிழை. தொய்வை நேரில் அளந்து 13.27 என்றே வைத்துக்கொண்டு `w·d²/(8f)` போட்டாலும் H 301 நியூட்டன்தான் வரும், உண்மையைவிடச் சுமார் 11 விழுக்காடு குறைவு.

இதற்காகப் பரவளையத்தை ஒதுக்கிவிடுவதும் தவறுதான். தொங்கு பாலத்தில் முதன்மை வடம் தாங்குவது பெரும்பாலும் பாலத்தளத்தின் எடையை. அது கிடைத்தூரத்துக்குச் சமமாகப் பரவியிருக்கிறது. அங்கே `w·x` தான் சரி, வடம் கிட்டத்தட்டப் பரவளையம். தொய்வு குறைவாக இருந்தாலும் இரண்டு வளைவுகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 1638-இல் கலிலியோ தொங்கும் சங்கிலியைப் பரவளையத்துக்கு நெருக்கமானது என்று எழுதியபோது, சாய்வு 45 டிகிரிக்குள் இருந்தால் நெருக்கம் கூடும் என்றும் சேர்த்தே சொன்னார். சரியான வளைவை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் தனித்தனியே தந்தார்கள்.

மின்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டர் இடைவெளி, a = 1875 மீட்டர். பரவளையம் தரும் தொய்வு 6.000 மீட்டர், cosh தருவது 6.003. மூன்று மில்லிமீட்டருக்காக யாரும் cosh போட வேண்டியதில்லை. ஆனால் அதே கம்பியில் வேறொரு பொறி உண்டு. இடைவெளியைவிடக் கம்பி வெறும் 32 சென்டிமீட்டர்தான் நீளம். அளவையில் 10 சென்டிமீட்டர் தவறி 42 என்று எடுத்துக்கொண்டால் தொய்வு 6.87 மீட்டராகிவிடும். இறுக்கமான கம்பிக்கு நீளத்தை அளந்து தொய்வைக் கணக்கிடாமல், தொய்வை நேரடியாக அளந்து, அதிலிருந்து H-ஐக் கணக்கிடுங்கள்.