லண்டன் வந்ததும் போனில் செய்ய வேண்டியவை

என் சித்தி மகன் லண்டன் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போனைத் திறக்க ஆறு எண்களை அழுத்தியிருக்கிறான். பின்னால் நின்றவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அடுத்த நிமிடம் போனைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்துவிட்டான். பேங்க் ஆப்புக்கும் தம்பி அதே ஆறு எண்களைத்தான் வைத்திருந்தான். இரவுக்குள் கணக்கில் இருந்த வாடகைப் பணம் போய்விட்டது.

அதனால் முதல் வேலை, போனுக்கு ஒரு எண், பேங்க் ஆப்புக்கு வேறொரு எண். இரண்டையும் நோட்ஸிலோ போட்டோவிலோ வைக்காதீர்கள். திருடன் முதலில் தேடுவது அங்கேதான். வெளியில் கைரேகையாலோ முகத்தாலோ போனைத் திறந்தால், எண்ணை யாரும் பார்க்க வழியில்லை. ஐபோன் என்றால் Settings-இல் Face ID & Passcode போய் Stolen Device Protection-ஐ இயக்குங்கள். அதன்பின் வீடு, வேலையிடம் போன்ற வழக்கமான இடங்களுக்கு வெளியே எண் தெரிந்தவனால்கூட சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்க முடியாது, உங்கள் முகம் வேண்டும். ஆண்ட்ராய்டில் Theft protection என்று தேடுங்கள்.

சிம்முக்கும் பின் எண் போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அங்கே போய்விடும். சிம்மில் ஏற்கெனவே உள்ள பின் எண்ணை ஊகித்து அழுத்தாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், திறக்க பியூகே எண் வேண்டும். நெட்வொர்க்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஆண்ட்ராய்டு போனா? Settings-இல் Android security update என்ற இடத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, புதிய அப்டேட்டும் வரவில்லை என்றால், அந்தப் போனில் பேங்க் ஆப் வேண்டாம். ஆப் அப்டேட்டை பிளே ஸ்டோரில் தானாக நடக்க விடுங்கள். மெசேஜில் வரும் லிங்க்கைத் தட்டி எதையும் அப்டேட் செய்யாதீர்கள்.

கடையிலும் ஸ்டேஷனிலும் கிடைக்கும் இலவச வைஃபையில் பேங்க் ஆப் அனுப்பும் தகவல் பூட்டப்பட்டுத்தான் போகிறது. சிக்கல் வேறு இடத்தில். அதே பெயரில் யாரும் ஒரு வைஃபை வைத்து, இணைந்ததும் உங்கள் ஈமெயில் பாஸ்வேர்டையோ கார்டு எண்ணையோ கேட்கும் பக்கத்தைக் காட்ட முடியும். பணம் அனுப்பும் அந்த இரண்டு நிமிடத்துக்கு வைஃபையை அணைத்து, சிம் டேட்டாவில் அனுப்புங்கள்.

போன் போய்விட்டால் பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி 159-ஐ அழுத்துங்கள். இங்குள்ள பெரும்பாலான வங்கிகளுக்கு அந்த எண் நேராக இணைக்கும். கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு சிம்மை நிறுத்த நெட்வொர்க்குக்கு. தம்பி முதலில் போலீஸ் ஸ்டேஷனைத் தேடிப் போனான். பணம் போனது அந்த நேரத்தில்தான்.