நேர்காணலின் முதல் ஐந்து நிமிடம்: கேள்வி கேட்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கு ஆள் எடுக்கும்போது, "வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?" என்று தொடங்கும் பேச்சுக்கு ஒரே வேலைதான்: வந்தவரின் படபடப்பைத் தணிப்பது. பதற்றத்தில் தெரிந்த பதிலும் நாக்கில் வராது. இரண்டு மூன்று நிமிடப் பேச்சு அதைச் சரிசெய்யும்.

அந்தப் பேச்சை வைத்தே ஆளை எடைபோடுவதுதான் பெரிய தவறு. கணக்குப் பிரிவு வேலைக்கு இருவர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தினமும் காலையில் ஓடுபவர், நீங்களும் அப்படியே. பத்து நிமிடம் கலகலப்பாகப் போகிறது. பிறகு, "மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப்போகாதபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறீர்கள். "எல்லோரும் உட்கார்ந்து சரிசெய்தோம்" என்கிறார். 5-க்கு 4 போடுகிறீர்கள். இரண்டாமவர் அதிகம் பேசாதவர். வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் வரிவரியாக ஒப்பிட்டு, இருமுறை பதிவான ஒரு பில்லைக் கண்டுபிடித்ததைச் சொல்கிறார். அவருக்கு 3.

முதலாமவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் உங்கள் மனமே நிரப்பிக்கொண்டது. குறிப்பேட்டில் அவர் பதிலை மட்டும் படித்துப் பாருங்கள். அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு சொல்கூட இருக்காது. "நல்லா பேசினார்", "நம்ம குழுவுக்குப் பொருந்துவார்" என்று மட்டும் எழுதியிருந்தால், மதிப்பெண் பேச்சிலிருந்து வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இதற்கு வழி, 2-க்கு எப்படிப்பட்ட பதில், 4-க்கு எப்படிப்பட்ட பதில் என்று முன்பே எழுதிவைத்து, எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலும் முடிந்த கையோடு மதிப்பெண் போடுவது. தொடக்கப் பேச்சின் தாக்கம் முதல் சில கேள்விகளில்தான் அதிகம் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் முக்கியமான கேள்வியை முதலில் வைக்காதீர்கள். மதிப்பெண் போடாத ஒருவர் வந்தவரை வரவேற்றுப் பேசி அழைத்து வந்தால் இன்னும் நல்லது.

அடுத்த தவறு, இயல்பாகப் பேசுவதாக நினைத்துக் குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றிக் கேட்பது. உங்களுக்கு அது நலம் விசாரிப்பு. எதிரில் இருப்பவருக்கோ, பதில் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். படபடப்பு கூடத்தான் செய்யும். பயணம், அறையின் வசதி, தண்ணீர் வேண்டுமா என்பதோடு நிறுத்திக்கொண்டு, "நாற்பது நிமிடம், ஆறு கேள்விகள், கடைசியில் நீங்கள் கேட்கலாம், நான் குறிப்பெடுப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். அரட்டையைவிட இந்த ஒரு வாக்கியம் ஆளை அதிகம் நிதானப்படுத்தும்.

விற்பனை, வரவேற்பு போன்ற வேலைகளுக்குப் பேச்சுத் திறமையே தகுதிதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் உங்களோடு ஓட்டப்பயிற்சி பற்றிச் சிரித்துப் பேசியவர் கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பார் என்பது அந்தப் பேச்சில் தெரியாது. நீங்களே அந்த வாடிக்கையாளராகி, எல்லோரிடமும் ஒரே புகாரைச் சொல்லிப் பாருங்கள். அதற்குத் தனியாக மதிப்பெண் போடுங்கள்.