அரசுப் பத்திர ஏலம்: கூப்பனைப் பார்த்து வாங்காதீர்கள்

போன மாதம் பெரியப்பா போன் செய்தார். "தம்பி, பேங்க் டெபாசிட்டில் வட்டியைக் குறைத்துவிட்டான். அரசாங்கப் பத்திரத்தில் 8 சதவீதம் போட்டிருக்கிறான். அடுத்த ஏலத்தில் வாங்கிவிடட்டுமா?"

"என்ன விலைக்கு, பெரியப்பா?" என்றேன்.

"விலையா? நூறு ரூபாய்ப் பத்திரம் நூறு ரூபாய்தானே?"

ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் முதல் வருடம் வேலை பார்த்தபோது நானும் இதையேதான் செய்தேன். அப்பாவின் ஓய்வுப் பணத்தை, கூப்பன், அதாவது பத்திரத்தில் எழுதியிருக்கும் வட்டி, பெரிதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பத்திரத்தில் போட்டேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வரும். நம்மைப் போன்றவர்கள் நேரடியாக அரசுப் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் தளம் 2021 நவம்பரில் வந்ததிலிருந்து இதே தவறை மாதத்துக்கு ஒருவராவது வந்து சொல்கிறார்கள். கணக்கு எண்ணைத் தவறாக அடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவற்றைத் தளமே பிடித்துவிடும்.

கூப்பனை வருமானம் என்று நினைப்பது

பத்திரத்தின் பெயரிலேயே ஒரு வட்டி விகிதம் இருக்கும். உதாரணத்துக்கு 7.18% GS 2033. அந்த 7.18 எங்கிருந்து வந்தது? அந்தப் பத்திரம் முதல்முறை ஏலத்துக்கு வந்த நாளில் சந்தை கேட்ட யீல்டு அது. யீல்டு என்றால், கொடுத்த விலைக்கு முதிர்வுவரை உண்மையில் கிடைக்கும் வருமான விகிதம். புதுப் பத்திரத்துக்குப் பெரிய முதலீட்டாளர்கள் "இத்தனை யீல்டு கொடுத்தால் இத்தனை கோடி எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்பார்கள். ரிசர்வ் வங்கி குறைவாகக் கேட்டவரிடமிருந்து தொடங்கி, தேவையான தொகை நிறையும்வரை மேலே போகும். நின்ற இடம்தான் கட்-ஆஃப். அதுவே கூப்பன் ஆகிவிடும். கூப்பன் என்பது பத்திரம் பிறந்த நாளின் ஜாதகம். இன்றைய உடல்நிலையை அது சொல்லாது.

அதே பத்திரத்தை அரசு பிறகு பலமுறை திரும்ப ஏலம் விடும். இந்த மறு ஏலத்தில் கூப்பன் மாறாது. கேட்பது விலையில்தான். யீல்டு குறைந்திருந்தால் விலை நூறுக்கு மேலே போய்விடும், கூடியிருந்தால் கீழே வரும்.

கணக்குக்கு வசதியாக 10 ஆண்டுப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூப்பன் 8%, சந்தை யீல்டு 7%. ஏலத்தில் இதன் விலை சுமார் 107.10 ரூபாய்க்கு முடியும். முகமதிப்பு 10 லட்சத்துக்கு நீங்கள் கட்டுவது 10,71,000. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 40,000 வரும். பத்து வருடம் கழித்துத் திரும்ப வருவது 10,00,000 மட்டும். மீதி 71,000 எங்கே போனது என்று கேட்டால், எங்கும் போகவில்லை. வட்டி என்ற பெயரில் உங்கள் பணமே சிறுகச் சிறுகத் திரும்பி வந்துவிட்டது.

சந்தேகம் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 10,71,000-ஐ நூறு ரூபாய்க்கு விற்கும் 7% பத்திரத்தில் போட்டால் ஆறு மாத வட்டி 37,485. ஆக 8% பத்திரம் உங்களுக்குக் கூடுதலாகத் தருவது ஒவ்வொரு முறையும் 2,515 ரூபாய். அந்த 20 தவணைகளையும் 7% யீல்டிலேயே சேர்த்துவைத்தால் கடைசியில் கிட்டத்தட்ட அதே 71,000 வருகிறது. இரண்டு பத்திரமும் ஒன்றுதான், சந்தை ஏமாறவில்லை.

ஆனால் வரி கட்டுபவர் ஏமாறுவார். அந்த 2,515-ம் வட்டிதான் என்று வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும், உங்கள் வரி விகிதப்படி வரி போடும். முதிர்வில் வரும் 71,000 மூலதன நஷ்டத்தை வட்டி வருமானத்துக்கு எதிராகக் கழிக்க முடியாது. என் அப்பா விஷயத்தில் வலித்தது இதுதான். மாதச் செலவுக்கு என்று வந்த வட்டியை முழுதாகச் செலவழித்துவிட்டோம், அதில் பாதி அசல் என்று தெரியாமலேயே. பாதி என்பது மிகை, ஆனால் எரிச்சல் மிகையில்லை.

இன்னொன்றும் உண்டு. மறு ஏலத்தில் விலையோடு, கடைசி வட்டித் தேதியிலிருந்து சேர்ந்த வட்டியையும் கட்ட வேண்டும். 8% கூப்பனில் 4 மாதம் கழிந்திருந்தால் 10 லட்சத்துக்கு 26,667 ரூபாய். அடுத்த வட்டித் தேதியில் முழு 40,000-ம் உங்களுக்கே வரும், ஆகவே இது நஷ்டமில்லை. ஆனால் கையில் இருக்கும் பணத்தைச் சரியாக முகமதிப்புக்கு ஈடாக வைத்துக்கொண்டு போனால் திணறுவீர்கள்.

நம் விருப்பம் யீல்டைத் தீர்மானிக்கும் என்று நினைப்பது

தீர்மானிக்காது. சில்லறை முதலீட்டாளர் கேட்பது போட்டியில்லாக் கேள்வி. தொகையை மட்டும் சொல்லலாம், விலையைச் சொல்ல முடியாது. அறிவித்த தொகையில் 5% வரை அப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்படும். கிடைப்பது மற்றவர்கள் வென்ற விலையின் எடையிட்ட சராசரி.

சிறு கணக்கு: 100 கோடி ஏலம், நமக்கு 5 போக 95. 7.00% யீல்டுக்கு 30 கோடி, 7.01-க்கு 20, 7.02-க்கு 30, 7.03-க்கு 40 கோடி கேட்டிருக்கிறார்கள். முதல் மூன்றும் 80 கோடியை எடுத்துவிடும். 7.03-ல் கேட்டவர்களுக்கு மிச்சம் 15 கோடிதான், ஆளுக்குக் கேட்டதில் 37.5% கிடைக்கும். கட்-ஆஃப் 7.03. நமக்கு 7.0132. முடிவு வந்ததும் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி சிறிதாக இருந்தால் எல்லோரும் ஒரே விலையில் நினைத்திருக்கிறார்கள். விரிந்திருந்தால், கடைசிக் கோடிகளை விற்க யீல்டைத் தூக்க வேண்டியிருந்தது என்று பொருள். எத்தனை மடங்கு கேள்வி வந்தது என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது, ஏனென்றால் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத யீல்டில் கேட்டவர்களையும் சேர்த்துத்தான் அந்த எண் வருகிறது.

"ரிசர்வ் வங்கியே வாங்கிக்கொள்ளும்"

ஏலத்தில் வாங்காது. நிதிப் பொறுப்புச் சட்டம் 2006 ஏப்ரலிலிருந்து அதைத் தடுத்திருக்கிறது. அது வாங்குவது பிறகு, வெளிச்சந்தையில்.

ஏலத்தில் எடுத்தவரையே கடைசி உரிமையாளர் என்று நினைப்பது

வங்கிகள் வாங்குவதில் ஒரு கட்டாயம் இருக்கிறது. வைப்புத்தொகை உள்ளிட்ட பொறுப்புகளில் 18% சட்டப்படி பணம், தங்கம், அரசுப் பத்திரம் போன்றவற்றில் இருக்க வேண்டும். நடைமுறையில் அதைப் பெரும்பாலும் பத்திரத்தில்தான் வைக்கிறார்கள். 30, 40 வருடப் பத்திரங்கள் எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வருங்கால வைப்பு நிதிகளுக்கும் போய்ச் சேரும். இருபது வருடம் கழித்துப் பணம் கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் அத்தனை நீளமான பத்திரம் தூக்கம் தரும். டீலர்களுக்கு அவை சுமை.

நடுவில் பிரைமரி டீலர்கள். ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால் முழுத் தொகைக்கும் அவர்கள் உறுதிகொடுத்து, அதற்குக் கமிஷன் வாங்குகிறார்கள். கேட்பவர்கள் கேட்கும் யீல்டு ரிசர்வ் வங்கிக்குப் பிடிக்கவில்லை என்றால் மீதி டீலர்கள் தலையில் விழும். 2021 தொடக்கத்தில் இது அடிக்கடி நடந்தது. அப்படி விழுந்த பத்திரத்தை அவர்கள் அடுத்தடுத்த நாட்களில் விற்றுத் தள்ளப் பார்ப்பார்கள். அன்று மாலை டீலர் பெயரில் இருக்கும் பத்திரம் அடுத்த வாரமே ஒரு மியூச்சுவல் ஃபண்டிடம் இருக்கலாம். நமக்கு இதில் ஒரு பயன்: ஏலத்தில் டீலர் தலையில் விழுந்த பத்திரத்தை அவசரப்பட்டு அன்றே சந்தையில் வாங்காமல் இரண்டு நாள் பொறுத்தால், மலிவாகக் கிடைக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் பணம் மாற்றுவது

ஏலம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் நடக்கும், ஆகவே வியாழனே மாற்றுங்கள்.

பெரியப்பாவுக்கு இத்தனையும் சொன்னேன். கடைசியில், "சரி, அப்போ யீல்டு எங்கே போட்டிருக்கும்?" என்று கேட்டார். விலைக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும் என்றேன். கண்ணாடியைத் தேடப் போய்விட்டார்.