கூட்டுத் தொடர்வரிசை விடையை மூன்றே இடங்களில் சரிபார்க்கலாம்

கண்டறிந்த பொது உறுப்பில் n-க்கு 1, 2, கடைசி உறுப்பின் வரிசை எண் ஆகியவற்றை இட்டுப் பாருங்கள். குன்னூர்ச் சரிவொன்றில் முதல் வரிசையில் 17 தேயிலைச் செடிகளும், அடுத்தடுத்த வரிசைகளில் நான்கு நான்கு கூடுதலாகவும், கடைசியில் 97-ம் இருந்தால், பொது உறுப்பு 4n + 13 ஆகும். n = 1 எனில் 17 வராவிட்டால் முதல் உறுப்பில் பிழை; 4n + 17 என எழுதியவருக்கு 21 வரும். முதல் உறுப்பு சரியாக இருந்து, n = 2 எனில் 21 வராவிட்டால் பொது வித்தியாசம் தவறு. பெரும்பாலோர் சறுக்குவது எண்ணிக்கையில்தான்: 97-க்கும் 17-க்கும் உள்ள வித்தியாசமான 80-ஐ 4-ஆல் வகுத்தால் கிடைக்கும் 20 இடைவெளிகளின் எண்ணிக்கையே என்பதால், 20-ஐ இட்டால் 93-தான் வரும், வரிசைகள் 21. தொடர் கூட்டுத் தொடர்வரிசைதானா என்பதே ஐயமாக இருந்தால் இச்சோதனை போதாது. அடுத்தடுத்த வித்தியாசங்களை முதலில் பார்க்க வேண்டும்.