அருவிச் சத்தம் ஏன் அருவி மாதிரி கேட்பதில்லை? வானொலி நாடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் ஒலி நாடகம் எடுத்து எனக்குப் போட்டுக் காட்டுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. செல்போனிலேயே பதிவு செய்து, அதிலேயே வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். நாங்கள் டேப்பை பிளேடால் வெட்டிய காலத்துத் தப்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மைக்கில் மூச்சு விழுவது, ஸ்கிரிப்ட் தாள் சரசரப்பது, நடுவில் குக்கர் விசில் அடிப்பது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு முறை போட்டுக் கேட்டால் அவர்களுக்கே தெரிந்துவிடும். கேட்டும் தெரியாத தப்புகளைப் பற்றித்தான் இது.

நிஜச் சத்தத்தைப் போட்டால் போதும் என்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிறது. எரிச்சலாகவும் வருகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு குழு வந்தது. கதை நல்ல கதை. காவிரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை. அக்கரையில் அப்பா சாகக் கிடக்கிறார். "ஒரே ஒரு தடவை எடு மாமா" என்று ஒரு பையன் பரிசல்காரரிடம் கெஞ்சுகிறான். சத்தம் அசலாக இருக்க வேண்டும் என்று இவர்கள் பஸ் ஏறிப் போய், தொங்கு பாலத்தில் நின்று அருவியைப் பதிவு செய்து வந்து, காட்சி முழுக்க வசனத்துக்கு அடியில் ஓடவிட்டிருந்தார்கள். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி கேட்டாள்: "என்னங்க, ஸ்டேஷன் கிடைக்கலையா?"

அவள் கேட்டது நியாயம். அருவிச் சத்தத்தில் கீழ்ச்சுருதி முதல் மேல்சுருதி வரை எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அடைமழை, எண்ணெயில் அப்பளம் பொரிவது, இரண்டு எஃப்எம் நிலையங்களுக்கு நடுவே வரும் இரைச்சல் எல்லாம் இதே சாதிதான். பாலத்தில் நிற்கும்போது அதை அருவியாக்குவது நம் கண். செல்போன் ஸ்பீக்கரில் போட்டால் இன்னும் மோசம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அடித்தொனியைத் தர முடியாது. பாறையை அதிரவைக்கும் முழக்கம் போய் 'ஸ்ஸ்ஸ்' மட்டும் மிஞ்சும்.

அடுத்த கேடு, அது வசனத்தைத் தின்றுவிடும். நம் பேச்சில் உயிரெழுத்துகளுக்குத்தான் பலம். சொல்லின் தொடக்கத்தில் வரும் க, ச, த, ப எல்லாம் நொடிப்பொழுது தட்டிவிட்டுப் போகிறவை. இரைச்சல் முதலில் விழுங்குவது அவற்றைத்தான். பரிசல்காரர் "தண்ணி ஏறுது" என்கிறார். எனக்குக் கேட்டது "அண்ணி ஏறுது". யார் அந்த அண்ணி, எதில் ஏறுகிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அடுத்த இரண்டு வசனம் போய்விட்டது.

சரி என்று அருவியைக் குறைத்தார்கள். உடனே ஒகேனக்கல் குளியலறைக் குழாய் ஆகிவிட்டது. காரணம் அருவி இல்லை, நடிகர்கள். ஜன்னலைச் சாத்திய அறையில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுவது போலப் பேசியிருந்தார்கள். இரைச்சலில் நிற்கிற மனிதனுக்குக் குரல் தானாக உயரும், உயிரெழுத்து நீளும், வாக்கியம் குட்டையாகும். இரைச்சலில் குரல் உயர்வதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-லேயே எழுதிவைத்தார். அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள். கேட்பவரின் காது இதைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொள்கிறது: இவ்வளவு கத்துகிறார் என்றால் பக்கத்தில் பெரிய சத்தம் இருக்கிறது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். ஆக, அருவியின் பருமன் நடிகரின் தொண்டையில் இருக்கிறது.

மறுபடி பதிவு செய்யச் சொன்னேன். இந்த முறை நடிகர்களின் காதில் நன்றாக மூடும் ஹெட்போனை மாட்டி, அதில் அந்த அருவிச் சத்தத்தையே பலமாக ஓடவிட்டோம். மைக்கில் குரல் மட்டும்தான் விழும். "கத்திப் பேசு" என்று யாரும் சொல்லவே இல்லை. இரண்டாவது வசனத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். எழுதியிருந்த நீள வசனங்கள் வாயில் நிற்கவில்லை, அவர்களே வெட்டிக்கொண்டார்கள். "இந்த வெள்ளத்தில் பரிசலை எடுத்தால் நாம் இருவருமே கரை சேர மாட்டோம் தம்பி" என்பது "முடியாதுப்பா! ரெண்டு பேரும் போயிருவோம்!" ஆனது.

பிறகு சத்தங்களை அடுக்கினோம். முதலில் அருவி தனியாக, முழுப் பலத்தில், மூன்று நான்கு நொடி. இது எந்த இரைச்சல் என்ற கேள்வி காதில் எழும். அந்த நேரத்தில் பரிசலின் அடித்தோலில் தண்ணீர் 'தொப், தொப்' என்று அறைவது மிகக் கிட்டத்தில் கேட்க வேண்டும். அசல் பரிசல் தேவையில்லை. பிளாஸ்டிக் வாளியைத் தொட்டியில் மிதக்கவிட்டு அதன் அடியில் கையால் தட்டினோம். அப்புறம் துடுப்பு பரிசல் விளிம்பில் இடிக்கும் ஒரு 'டக்'. இந்த இரண்டும் வந்தவுடன் பின்னால் இருக்கும் இரைச்சல் ஆறாகிவிடுகிறது. முதல் வசனம் தொடங்கும்போதே அருவியை நாலைந்து நொடியில் மெல்ல இறக்கி, குரலைவிடச் சுமார் 20 டெசிபல் கீழே நிறுத்திவிடலாம். ஈக்வலைசரில் அருவியின் நடு, மேல்சுருதிப் பகுதியைக் கொஞ்சம் குடைந்துவிட்டால் க, ச, த, பவுக்கு வழி கிடைக்கும். இறக்கியதை யாரும் கவனிப்பதில்லை, குரல்கள் இன்னும் கத்திக்கொண்டிருப்பதால்.

சத்தம் பிடிபடுகிறதா என்று பார்க்க, கதை தெரியாத ஒருவரிடம் அதை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டி என்னவென்று கேளுங்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. "மழையா?" என்றார் என்றால் பக்கத்தில் சேர்க்க வேறு சத்தம் தேடுங்கள்.

மௌனத்தை வெற்றிடமாக விடுவது

அதே நாடகத்தில், அப்பா இறந்த செய்தி வந்ததும் எல்லாச் சத்தத்தையும் சுழியாக்கி ஐந்து நொடி விட்டிருந்தார்கள். போன் அணைந்துவிட்டதோ என்று நான் திரையைத் தட்டிப் பார்த்தேன். வானொலியில் அப்படி விட்டால் நிலையம் நின்றுவிட்டது என்று அடுத்ததற்குத் திருப்பிவிடுவார்கள்.

மனிதர் இருக்கும் எந்த இடத்திலும் சத்தம் சுழியாக இருப்பதில்லை. பதிவு முடிந்ததும் அந்த அறையிலேயே எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மௌனம் வேண்டிய இடத்தில் அதைப் போடுங்கள். அதோடு, மௌனம் உறைக்க வேண்டுமென்றால் அதற்கு முன் ஏதாவது ஓடிக்கொண்டிருந்து நிற்க வேண்டும். நாங்கள் துடுப்பை நிறுத்தினோம். காட்சி தொடங்கியதிலிருந்து ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்த துடுப்பு, செய்தி வந்ததும் விழவில்லை. அருவி அடியில் அப்படியே இருந்தது. இரண்டு நொடிதான், அதுவே கனத்தது.

கண்ணில் படுவதை வசனத்தில் சொல்வது

"ஐயோ, கையில் அரிவாளோடு வருகிறாயே!" வருகிறவனுக்கே தெரியும் அவன் கையில் என்ன இருக்கிறதென்று. 1924-ல் பிபிசிக்காக ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய நாடகம் விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கிறது. பாத்திரங்களுக்கும் எதுவும் தெரியவில்லை, அதனால் அவர்கள் கேட்டுக்கேட்டுப் பேசுவது இயல்பாகிவிடுகிறது. எல்லாக் கதையையும் இருட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் அரிவாளைப் பார்க்காத ஒருவரை, திண்ணையில் படுத்திருக்கும் கண் மங்கிய பாட்டியையாவது, காட்சியில் வைக்கலாம். "என்னடா அது, இரும்புச் சத்தம்?" என்று அவர் கேட்கட்டும்.

ஒரே மாதிரிக் குரல் இரண்டு

ஒருவரை மாற்றுங்கள். சித்தியும் பெரியம்மாவும் ஒரே குரலில் பேசினால் சொத்துச் சண்டை யாருக்கும் புரியாது.

அழுகைக் காட்சியில் புல்லாங்குழல்

வேண்டாம். வயலினும்தான்.