தாது வருடப் பஞ்சத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்? வரலாற்றுக் கட்டுரையில் முரண்படும் எண்களைக் கையாளும் முறை

பழைய பஞ்சத்துக்குப் போகும் முன், நம் காலத்துக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்ட மக்கள்தொகை 28,56,300. 2011-ல் 15,06,843. இரண்டும் அரசு எண்கள்தான், இரண்டிலும் அச்சுப்பிழை இல்லை. இவற்றை அப்படியே அடுத்தடுத்து வைத்து எழுதினால், பத்தே ஆண்டில் பாதி மாவட்டம் காலியானதாக ஆகிவிடும். நடந்தது வேறு. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்றைய தருமபுரியின் எல்லைக்குள் 2001-ல் இருந்தவர்கள் 12,95,182 பேர். கிருஷ்ணகிரிப் பகுதியில் 15,61,118 பேர். கூட்டிப் பாருங்கள், 28,56,300 வரும். ஆக, மக்கள் குறையவில்லை, 16 சதவீதம் கூடியிருக்கிறார்கள்.

ஒரே பெயர், இரண்டு எல்லை. தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78 பஞ்சத்தைப் பற்றி எழுதும்போதும் முதல் சறுக்கல் இங்கேதான் நடக்கிறது.

படி 1: எண்ணை எடுக்கும்போதே நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்

நோட்டில் எண்ணை மட்டும் குறித்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பிறகு கிடைக்காது. யார் சொன்னது, எந்த எல்லைக்குச் சொன்னது, எந்தக் காலத்துக்கு, எதை எண்ணியது என்ற நான்கும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதிலேதான் முக்கால்வாசிக் குழப்பம்.

எடுத்துக்காட்டாக, இந்தப் பஞ்சத்தின் சாவுக்கு 52.5 லட்சம் என்றும் 1 கோடியே 3 லட்சம் என்றும் இரண்டு எண்கள் அடிக்கடி கண்ணில் படும். முதலாவது, 1880-ல் அறிக்கை தந்த பஞ்ச கமிஷனுடையது. பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த மாகாணங்களில், 1877, 1878 ஆகிய இரு ஆண்டுகளில், வழக்கமாக நிகழும் சாவுகளுக்கு மேல் நிகழ்ந்தவை இவ்வளவு என்று அது சொன்னது. நிஜாமின் ஹைதராபாத் போன்ற சமஸ்தானங்கள் அதற்குள் வராது. இரண்டாவது, வில்லியம் டிக்பி சொன்னது. அவர் பஞ்சகாலத்தில் சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், நிவாரணக் குழுவின் செயலாளர், அரசின் பஞ்சக் கொள்கையைக் கடுமையாகச் சாடியவர். கமிஷனோ அரசே அமைத்தது. இருவருக்கும் ஒரு சாய்வு உண்டு. அதனால் ஒருவரைத் தள்ளிவிட வேண்டியதில்லை, ஆனால் எண்ணோடு ஆளையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, ‘சுமார் 78 லட்சம்’ என்று எழுதுவது மட்டும் வேண்டாம். வெவ்வேறு பொருளை எண்ணிய இரண்டு எண்களின் சராசரி எந்தப் பொருளையும் எண்ணுவதில்லை. பிற்கால மக்கள்தொகை ஆய்வில் 82 லட்சம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. உங்கள் சராசரி அதற்குப் பக்கத்தில் வந்து விழுவது தற்செயல்.

இடையில் ஒரு சிறு எச்சரிக்கை: மில்லியனை மாற்றும்போது கவனம். 5.25 மில்லியன் என்பது 52.5 லட்சம். அவசரத்தில் அதை 5.25 லட்சம் என்றோ 5.25 கோடி என்றோ எழுதிவிடுவது சகஜம்.

படி 2: கட்டுரையின் எல்லைக்கு இறங்குங்கள்

தருமபுரியைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்திய எண் பின்னணிதான். ஆனால் 1876-ல் தருமபுரி மாவட்டமே கிடையாது, 1965-ல்தான் அது வந்தது. அன்றைக்குத் தருமபுரி, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் தாலுகாக்கள் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. நாமக்கல்லும் திருப்பத்தூரும் கூட அதற்குள்தான். எனவே ‘சேலம்’ என்று எண் கிடைத்தால், கட்டுரையிலும் ‘அன்றைய சேலம் மாவட்டம்’ என்றே எழுதுங்கள்.

சேலத்தின் எண்ணைப் பரப்பளவுக்கு ஏற்பப் பிரித்து ‘தருமபுரியின் பங்கு’ என்று போடக்கூடாது. பஞ்சம் எல்லாத் தாலுகாவையும் ஒரே அளவில் தாக்கியதாகச் சொல்ல முடியாது. தாலுகா வாரியான எண் வேண்டுமென்றால் பழைய கணக்கெடுப்புத் தொகுதிகளின் தாலுகா அட்டவணையிலிருந்து கூட்டுங்கள். இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே தாலுகா எல்லை மாறியதா என்று அதே பக்கத்தின் குறிப்பிலும் பாருங்கள்.

படி 3: ‘குறைவு’ வேறு, ‘சாவு’ வேறு

சேலம் மாவட்ட மக்கள்தொகை 1871-ல் 19,66,995. 1881-ல் 15,99,595. வித்தியாசம் 3,67,400, அதாவது 18.7 சதவீதம். ‘பஞ்சத்தில் 3,67,400 பேர் மாண்டனர்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஊரைவிட்டுப் போனவர்களும் இந்தக் குறைவுக்குள் இருக்கிறார்கள். பஞ்ச ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருங்கூட்டம் கிளம்பியது. பிறக்காமல் போன குழந்தைகளும் இதில் அடக்கம், ஏனென்றால் பட்டினிக் காலத்தில் பிறப்பு விழுந்துவிடும். இவையெல்லாம் சாவு எண்ணிக்கையைக் கீழே இறக்கும் காரணங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. 1871-க்கும் 1876-க்கும் இடையில் மக்கள் பெருகியிருந்தால், பஞ்சம் தொடங்கும்போது 19.67 லட்சத்துக்கு மேலேயே இருந்திருப்பார்கள். 1871 கணக்கெடுப்பு ஆட்களை விட்டிருந்து, 1881 இன்னும் நன்றாக எண்ணியிருந்தால், உண்மைக் குறைவு காகிதத்தில் தெரிவதைவிடப் பெரிது.

ஒரு அனுமானம் விடையை எவ்வளவு நகர்த்துகிறது என்று கணக்குப் போட்டே பாருங்கள். பஞ்சம் வராமல் ஆண்டுக்கு அரை சதவீதம் பெருகியிருந்தால் 1881-ல் சுமார் 20.68 லட்சம் பேர் இருந்திருக்க வேண்டும். இருந்தவர்கள் 16 லட்சம். இடைவெளி 4.68 லட்சம். அரை சதவீதம் என்ற ஒரே அனுமானம் ஒரு லட்சம் பேரைக் கூட்டிவிட்டது! அதனால் இப்படிக் கணக்கிட்டால் அனுமானத்தையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

படி 4: அடுத்த கணக்கெடுப்பையும் எட்டிப் பாருங்கள்

இதைப் பலரும் செய்வதில்லை, ஆனால் பலன் அதிகம். 1891-ல் சேலம் 19,62,591. பத்தாண்டில் 22.7 சதவீத ஏற்றம், ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அந்தக் காலத்துச் சாவு விகிதத்தில், பிறப்பு மட்டுமே இவ்வளவு ஏற்றத்தைத் தந்திருக்கும் என்பது சந்தேகம். போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பியிருக்க வேண்டும் என்று கருத இடமிருக்கிறது. அப்படியானால் 1881-ல் காணாமல் போன அத்தனை பேரும் இறந்தவர்கள் இல்லை. இது நிரூபணம் ஆகாது, ஒரு தடயம். கட்டுரையிலும் தடயமாகவே வையுங்கள்.

இறப்புப் பதிவேட்டை நம்பலாமே என்று தோன்றும். ஊர் அதிகாரி எழுதும் பதிவேடு, சாவு மிகுந்த மாதங்களில்தான் முதலில் சிதையும். எழுதுகிறவரே நோயில் கிடப்பார், சாலையோரம் இறந்த வெளியூர்க்காரர் எந்த ஊர்க் கணக்கிலும் ஏறமாட்டார். தவிர, பட்டினியால் மெலிந்தவர் காலராவில் போனால் பதிவேட்டில் ‘காலரா’ என்றுதான் இருக்கும். எனவே ‘பட்டினிச் சாவு’ என்ற தலைப்பில் கிடைக்கும் சிறிய எண்ணைப் பஞ்சச் சாவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவான சாவுகள் கீழ் எல்லையைத்தான் காட்டும்.

படி 5: வாக்கியமாக எழுதுதல்

மேலே பார்த்தவற்றை வைத்து ஒரு பத்தி இப்படி அமையலாம்:

‘1871-க்கும் 1881-க்கும் இடையில், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19.7 லட்சத்திலிருந்து 16 லட்சமாகக் குறைந்தது. இக்குறைவில் பஞ்சச் சாவோடு இடப்பெயர்வும் பிறப்புக் குறைவும் அடங்கும். 1891-க்குள் எண்ணிக்கை ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பியது, இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் மீண்டதைக் காட்டக்கூடும்.’

வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘குறைந்தது’ என்றுதான் இருக்கிறது, ‘இறந்தனர்’ என்று இல்லை. கட்டுரையின் உடலில் ‘சுமார்’ போட்டுவிட்டு, கடைசி இலக்கம் வரையுள்ள எண்ணை அடிக்குறிப்பில் கொடுங்கள். கழித்தலைச் செய்வதும் அந்த முழு எண்ணை வைத்துத்தான். முழுமையாக்கிய எண்களைக் கழித்தால் 3.7 லட்சம் வரும், அடிக்குறிப்போடு உதைக்கும்.