கடற்கரையில் ப்ளூடூத் விட்டு விட்டுக் கேட்கிறதா? முதலில் பாக்கெட்டைப் பாருங்கள்

"வீட்டுக்குள்ள நல்லாத்தாண்ணே பாடுது. அரியமான் பீச்சுக்கு நடக்க வந்தா மட்டும் விட்டு விட்டுக் கேக்குது. ஹெட்செட் போச்சா?" என்று உச்சிப்புளித் தம்பி ஒருவர் கேட்டார். போன் அவருடைய வலது பின் பாக்கெட்டில் இருந்தது, பாட்டு அறுந்தது இடது காதில். போனை எடுத்து இடது கையில் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். பாட்டு அறுபடாமல் வந்தது. ஹெட்செட்டில் குறை ஒன்றும் இல்லை, அவருடைய உடம்புதான் குறுக்கே நின்றது.

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். நம் உடம்பில் பெரும்பங்கு உப்பு கலந்த தண்ணீர். இந்த அலையை அது நன்றாக உறிஞ்சும். தசைக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போவதற்குள்ளேயே சக்தியின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆக, பின் பாக்கெட்டிலிருந்து எதிர்க் காதுக்கு அலை உடம்பைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. கொஞ்சம் உடம்பின் மேற்பரப்பை ஒட்டி வளைந்து போகிறது, மீதி எங்காவது மோதித் திரும்பி வந்து சேருகிறது.

வீட்டுக்கும் கடற்கரைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அறைக்குள் நான்கு சுவரும் கூரையும் தரையும் அலையைத் திருப்பி அனுப்புகின்றன, நேர்வழி அடைபட்டாலும் பக்கவழி கிடைக்கிறது. அரியமானிலோ தனுஷ்கோடி மணல்வெளியிலோ பக்கத்தில் அப்படி மோதித் திரும்ப ஏதும் இல்லை. மணலிலிருந்து வருவது கொஞ்சம்தான். அதனால் திறந்தவெளியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்ற நினைப்பு, போனை உடம்பில் வைத்துக்கொண்டு நடப்பவருக்குப் பொருந்தாது. புது ஹெட்செட் வாங்கும் முன் போனை மறுபக்கப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். சில இயர்பட்ஸில் ஒரு காதுக் கருவிதான் போனோடு பேசி, மற்றதற்குக் கடத்தும்; எந்தப் பக்கம் வைத்தால் அறுபடவில்லையோ அதுவே உங்கள் பக்கம். சட்டைப் பை அதைவிட நல்லது. இடுப்புப் பையில் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துத் திணிப்பது மோசம், பாட்டில் தண்ணீரும் அலையை உறிஞ்சும்.

அடுத்த தவறு, பெட்டியில் போட்டிருக்கும் "10 மீட்டர்" என்பதை வீட்டுக்குள் அளந்து நம்புவது. அது தடையில்லாத நேர்வழிக்கான கணக்கு. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் சக்தி நான்கில் ஒரு பங்காகும். குறுக்கே ஒரு தடை வந்து சக்தி பத்தில் ஒன்றாகக் குறைந்தால், எட்டும் தூரமும் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். ஒரு ஆள் குறுக்கே நின்றாலே அந்த அளவு இழப்பு வரக்கூடும். பூசிய செங்கல் சுவர் ஒன்று பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் தடுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் கூடுதலாகத் தடுக்கும், ஈரம் ஏறிய சுவரும் அப்படித்தான். கடலோரத்தில் உப்புக் காற்றுப் பட்டுப் பூச்சு ஊறி உதிர்கிற சுவர்களை இதில் மறக்கக் கூடாது.

மண்டபத்தில் ஒரு வீட்டில் பார்த்தது இது. போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கிறது, ஸ்பீக்கர் வாசல் திண்ணையில். இடையில் ஒரே ஒரு சுவர், ஏழெட்டு மீட்டர் இருக்கும். ஆனாலும் பாட்டு திக்கியது. நேர்கோடு போட்டுப் பார்த்தால், சுவரை ஒட்டி நின்ற இரும்பு பீரோ சரியாக நடுவில் வந்தது. இரும்புக்குள் அலை நுழையாது, சுற்றித்தான் வர வேண்டும். போதாததற்கு அந்தக் கோடு சுவரை மிகச் சாய்வாக வெட்டியது. அப்படிப் படுகிற அலையில் அதிகப் பங்கு உள்ளே போகாமல் திரும்பிவிடும். பீரோவை நகர்த்தவில்லை. சார்ஜரை வாசற்கதவுக்கு நேரே உள்ள பிளக்குக்கு மாற்றி, தரையில் கிடந்த ஸ்பீக்கரை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினோம், அவ்வளவுதான். திறந்த கதவு வழியே நேர்வழி கிடைத்தது. தரையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் அலை அவர்கள் தலைக்கு மேலே போனது.

வைஃபை ரூட்டர் பக்கத்தில் போனை வைக்காதீர்கள், அதுவும் 2.4-லேயே ஓடலாம். ப்ளூடூத் நெரிசலான சேனல்களை விட்டுத் தாவக்கூடியதுதான், ஆனாலும் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

காரணம் எது என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் அறுந்தால் உடம்புதான் தடை. எப்படித் திரும்பினாலும் அறுந்து, ஓரடி நகர்ந்ததும் சரியானால் தடை சுவரோ இரும்போ. பக்கத்தில் வைத்தும் அறுந்தால்தான் கருவியையும் சார்ஜையும் சந்தேகிக்க வேண்டும்.

தகரம் அடித்த கருவாட்டு ஷெட்டுக்குள் ஸ்பீக்கரும் வெளியே போனும் என்றால், கதவுச் சந்து வழியே வருகிற அலையை நம்பித்தான் இருக்க வேண்டும். அங்கே போனையும் உள்ளே கொண்டுபோய் வையுங்கள்.